மூன்று பதவி, ஒரு பயோடேட்டா

கேள்வி: எம்.எஸ்சி. வேதியியல் முடித்து, பேட்டரி கம்பெனியில் ஓராண்டு தரப் பரிசோதனை பார்த்தேன். காரைக்குடி சிக்ரியில் புராஜெக்ட் அசிஸ்டென்ட், அசோசியேட்-1, அசோசியேட்-2 மூன்றுக்கும் ஆள் எடுக்கிறார்கள். எதற்குப் போடலாம்?
– வாசகி, சிவகங்கை

பதில்: முதலில் 'கட்டாயத் தகுதி'யைப் படியுங்கள்; சம்பள விவரம் எங்கும் ஓடிப்போகாது. அசோசியேட்-2 இரண்டாண்டு ஆராய்ச்சி அனுபவம் கேட்கும். உங்களுடையது ஓராண்டு, அதுவும் தரப் பரிசோதனை. விட்டுவிடுங்கள். அசிஸ்டென்ட்டுக்கு பி.எஸ்சி.யே போதும், உங்கள் எம்.எஸ்சி. அங்கே சும்மா உட்கார்ந்திருக்கும். உங்களுக்கு அசோசியேட்-1 தான். அதிலும் அரிமானம், பேட்டரி என்று பல திட்டங்கள் இருந்தால், 'விரும்பத்தக்க தகுதி'யில் செல் சார்ஜ்-டிஸ்சார்ஜ் சோதனை கேட்பதைப் பிடியுங்கள். கம்பெனியில் செய்த சோதனைகளைப் பெயர் சொல்லி பயோடேட்டாவின் மேலே எழுதி அனுப்புங்கள்.