ஓசிப் படமும் ஒரு அப்டேட்டும்

தியேட்டருக்குப் போகாததற்கு நான் சொல்லும் காரணம், பாப்கார்ன் விலை. இதுவரை பாப்கார்ன் வாங்கியதே இல்லை என்பது வேறு விஷயம்.

ஓசியில் படம் காட்டும் தளங்களை மேய்ந்தவர்களுக்கு இது தெரியும்: அங்கே பிளே பட்டன் மாதிரி இருப்பது பிளே பட்டன் இல்லை. அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத லிங்க் ஒன்றை விரித்து வைத்திருப்பார்கள். முதல் கிளிக்கில் ரம்மி விளம்பரம் திறந்தது. அடுத்த கிளிக்கில், ‘நீங்கள் ரோபோ இல்லையென்றால் Allow அழுத்துங்கள்’. மனிதன் என்று நிரூபிக்க இப்படியொரு வாய்ப்பு இதற்கு முன் யாரும் தந்ததில்லை. அழுத்தினேன். அது நோட்டிஃபிகேஷன் அனுப்புவதற்கான அனுமதியாம். அன்று முதல் திரையின் மூலையில் ‘உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்’ என்று எச்சரிக்கை வர ஆரம்பித்தது. நிஜ வைரஸ் அப்போது இன்னும் வந்தே சேரவில்லை.

அடுத்துதான் அந்தப் பக்கம். குரோம் லோகோ, நீல பட்டன், ‘உங்கள் பிரவுசர் பழசாகிவிட்டது, வீடியோ ஓட அப்டேட் செய்யுங்கள்’. பழசாகிவிட்டது என்று யார் சொன்னாலும் நான் மறுத்துப் பேசுவதில்லை. வீட்டில் அப்படிப் பழக்கியிருக்கிறார்கள்.

ஒரு ஜிப் ஃபைல் இறங்கியது. பிரித்தால் உள்ளே Update என்று ஒன்று. விண்டோஸ், நாம் செட்டிங்கை மாற்றாதவரை, ஃபைல் பெயரின் கடைசித் துண்டை மறைத்தே காட்டும். முழுப் பெயர் Update.js. பிரவுசரின் இன்ஸ்டாலர் .exe என்று முடியும். இது வெறும் ஜாவாஸ்கிரிப்ட். டபுள் கிளிக் செய்தால் விண்டோஸே அதைப் படித்து ஓட்டி, எங்கோ இருக்கும் சர்வரிலிருந்து மீதிச் சரக்கை இறக்கிக்கொள்ளும். ஜன்னல் எதுவும் திறக்காது, ‘Next’ கேட்காது. ஒன்றுமே நடக்கவில்லையே என்று நான் மறுபடியும் டபுள் கிளிக் செய்தேன். வந்த திருடனுக்குக் கதவு சரியாகத் திறக்கவில்லையோ என்று இன்னொரு தரம் திறந்துவிட்ட மாதிரி.

படமும் ஓடவில்லை.

அக்கா மகன் வந்து பார்த்தான். “மாமா, ஒரு வெப்சைட்டால உங்க குரோமை அப்டேட் பண்ணவே முடியாது. அது தானா பண்ணிக்கும். சந்தேகமா இருந்தா இதை டைப் பண்ணிப் பாருங்க” என்று chrome://settings/help அடித்தான். குரோம் ஏற்கெனவே புதுசாகத்தான் இருந்தது. படம் ஓட்டத் தனியாக பிளேயரும் வேண்டாமாம், இப்போதெல்லாம் பிரவுசருக்குள்ளேயே அது இருக்கிறதாம். “அப்போ 2022ல ஃபிளாஷ் பிளேயர் அப்டேட் கேட்டுச்சே, போட்டேனே?” என்றேன். ஃபிளாஷை அடோபி 2020 டிசம்பர் 31-உடன் முடித்துவிட்டது. செத்தவருக்கு நான் அப்டேட் போட்டிருக்கிறேன்.

வந்த சரக்கு, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் குக்கிகளையும் அள்ளிப்போகிற ரகம். ஒரு தளத்தில் லாகின் செய்தபின் அது மறுபடி மறுபடி கேட்காமல் இருப்பதற்குக் காரணம் குக்கிதான். அதைத் தூக்கிக்கொண்டு போனவனிடம் பாஸ்வேர்டும் கேட்காது, ஓடிபியும் கேட்காது. இது தெரியாமல், எல்லா பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன்.

“எதுல மாத்தினீங்க?”

“இதே லேப்டாப்லதான்.”

“அப்போ புதுசையும் அவனுக்கே சொல்லியாச்சு.”

செய்ய வேண்டிய வரிசை வேறாம். முதலில் நெட்டைப் பிடுங்கு. வேறொரு போனிலிருந்து மெயில் பாஸ்வேர்டை மாற்று, எல்லாக் கருவிகளிலிருந்தும் லாக்அவுட் கொடு. அப்போதுதான் திருடுபோன குக்கி செல்லாக்காசாகும். பிறகு வங்கி, மற்றவை. கடைசியில் விண்டோஸை அழித்து மறுபடி போடு. ஆன்டிவைரஸ் ‘எல்லாம் சுத்தம்’ என்று பச்சை டிக் காட்டியதே என்றேன். இந்த ரகம் பல சமயம் வேலையை முடித்ததும் தன்னையே அழித்துக்கொண்டு போய்விடுமாம். என் வீட்டுக்கு வந்து சுத்தம் செய்துவிட்டுப் போன ஒரே விருந்தாளி.

ஒரு ஆறுதல் உண்டு. திருட்டுப் படத் தளங்களில் வீடியோ ஓடும் சட்டத்துக்குள்ளேயே ஒளிந்திருந்த விளம்பர லிங்க்குகள், பார்க்க வந்தவர்களைச் சுற்றிவிட்டு கடைசியில் கிட்ஹப்பில் வைத்திருந்த திருட்டு மென்பொருளிடம் கொண்டுபோய் விட்டன. உலகம் முழுக்கக் கிட்டத்தட்ட 10 லட்சம் கருவிகள் சிக்கின என்று 2025 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் எழுதியது. இத்தனை பேரோடு சேர்ந்து நான் வேறெதிலும் இடம்பிடித்ததில்லை.

நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். ‘இரண்டே நாளில் பணம் இரட்டிப்பு’ என்று என் பெயரில் ஏதாவது மெசேஜ் வந்தால் அது நானில்லை. எனக்கு அந்த வழி தெரிந்திருந்தால் டிக்கெட் எடுத்துப் பார்த்திருக்க மாட்டேனா?