நாலு நாள் லீவும் நாலு கையெழுத்தும்

பெறுநர்: டீன் அவர்கள், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

பொருள்: அக்காவின் திருமணத்துக்கு நான்கு நாள் விடுப்பு வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

முகூர்த்தம் குறித்த ஜோசியரிடம் எங்கள் டியூட்டி சார்ட் இல்லை. அதனால் அக்காவின் கல்யாணம் என் இரண்டு வார கேஷுவால்ட்டி போஸ்டிங்கின் நட்டநடுவில் வந்து விழுந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டாரிடம் போஸ்டிங் முடியும்வரை பொறுக்கச் சொல்ல முடியுமா என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிமுறைப்படி, ஓராண்டுப் பயிற்சியில் முன் அனுமதியோடு 15 நாள்வரை விடுப்பு எடுக்கலாம். இதில் '15 நாள்' என்பதை ஹவுஸ் சர்ஜன்கள் நாங்கள் மனப்பாடம் செய்தோம். 'முன் அனுமதியோடு' என்பதைத் தங்கள் அலுவலகம் மனப்பாடம் செய்தது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். யூனிட் உதவிப் பேராசிரியர், "எனக்கு ஆட்சேபணை இல்லை, சீஃப் கையெழுத்துப் போடட்டும்" என்றார். சீஃப், "மாற்று ஆள் யார்?" என்றார். என் நான்கு டியூட்டிகளையும் பார்க்க ஒரு நண்பன் சம்மதித்தான். விலை, தீபாவளியன்று அவனுடைய இரவு டியூட்டி. அவனிடமும் கையெழுத்து வாங்கிப் போனால், ஆர்.எம்.ஓ. அலுவலகத்தில் "டீன் சொல்லட்டும்" என்றார்கள். தங்கள் அலுவலகத்திலோ "ஆர்.எம்.ஓ. எழுதி அனுப்பட்டும்" என்கிறார்கள். யாரும் மறுக்கவில்லை ஐயா. கல்யாணம் முடியும்வரை மறுக்கமாட்டார்கள் என்றும் தெரிகிறது.

சொல்லாமல் போய்விடலாமே என்பார்கள். போகலாம். அனுமதியில்லாத நான்கு நாளுக்கு அதே துறையில் நான்கு நாள் நீட்டிப்பு. மார்ச் 31-இல் முடிய வேண்டிய பயிற்சி ஏப்ரல் 4-இல் முடியும். முதுநிலை நீட் தேர்வுக்குக் குறிக்கும் கடைசித் தேதி எந்தப் பக்கம் விழும் என்று யார் கண்டது? தப்பிப் போனால் அந்த நாலு நாளின் விலை ஒரு வருஷம்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். உதவித்தொகையை உயர்த்தக் கேட்டபோது, "நீங்கள் கற்றுக்கொள்ள வந்தவர்கள், வேலை பார்க்க அல்ல" என்றீர்கள். லீவு கேட்டால், "நீ போனால் காலையில் ரத்தம் எடுப்பது யார்?" என்கிறார்கள். விடியற்காலை ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்து, மெல்லக் கவிழ்த்துக் கலக்கி, லேபுக்கு நானே சுமந்துபோய், "உறைந்துவிட்டது" என்று திருப்பி அனுப்பினால் அதே நோயாளியிடம் மறுபடி கை நீட்டச் சொல்வதும், ரத்த வங்கிக்கு ஓடுவதும், ஸ்டிரெச்சர் தள்ளுவதும் கல்வி என்றே இதுவரை நினைத்திருந்தேன்.

ஆகவே, விடுப்பை அனுமதிக்க வேண்டுகிறேன். மறுப்பதானால், 'இவர் இல்லாமல் கேஷுவால்ட்டி நடக்காது' என்ற காரணத்தை எழுத்தில், தங்கள் முத்திரையோடு தந்தருளவும். உதவித்தொகை மனுவுக்கு இணைப்பாக வைக்க அதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள,
ஒரு ஹவுஸ் சர்ஜன்

இணைப்பு: கல்யாணப் பத்திரிகை – 1. (தாங்கள் வரலாம், தங்களுக்கு லீவு கிடைக்கும்.)