ஐந்நூறு ரூபாய் பாக்கி

என் மச்சான் கிரெடிட் கார்டு பில் கட்டுவதே ஒரு ராஜதந்திரம். ஜூன் 5-ஆம் தேதி வந்த 20,000 ரூபாய் பில்லுக்கு, கெடு நாளான 25-ஆம் தேதி 19,500 கட்டினார். “முழுசாக் கட்டிட்டா பேங்க்காரன் நம்மளை மறந்துடுவான் மாப்ளே” என்றார்.

அன்று மாலையே அதே கார்டில் 30,000 ரூபாய்க்கு ஃபிரிட்ஜ் வாங்கினார். ஜூலை 25 வரை வட்டி கிடையாது என்பது அவர் கணக்கு. ஜூலை 5-ஆம் தேதி பில்லில் ஃபிரிட்ஜுக்கு மட்டும் 345 ரூபாய் வட்டி, அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி.

“இன்னும் ஐஸே கட்டலை மாப்ளே, அதுக்குள்ள வட்டி கட்டச் சொல்றான்!”

பாக்கி 500 என்றால் 500-க்குத்தானே வட்டி என்று கேட்டார். தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சி அப்படித்தான். பழைய பாக்கியை நோட்டில் ஓரமாக எழுதிவிட்டுப் புதுச் சாமானைச் சிரித்துக்கொண்டே கட்டித் தருவார். பேங்க்காரர் சிரிக்கிறார், ஆனால் அவர் நோட்டு வேறு. வட்டியில்லாத நாட்கள் என்பது, போன பில்லை முழுசாகத் தீர்த்தவருக்கு மட்டும் தரும் சலுகை. ஒரு பகுதி நின்றாலும் சலுகை மொத்தமாக நிற்கும். பிறகு கார்டைத் தேய்ப்பது எல்லாம் தேய்த்த நாளிலிருந்தே கடன். ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகளும் இதை ஏற்கின்றன. பில்லோடு வரும் பொடி எழுத்திலும் இது இருக்கிறது. மச்சான் அதில் பஜ்ஜி எண்ணெயை ஒற்றி எடுத்திருந்தார்.

அவர் கார்டுக்கு மாதம் 3.5 சதவீத வட்டி, அதாவது ஆண்டுக்கு 42. முப்பதாயிரத்துக்கு ஒரு நாளைக்கு சுமார் 34 ரூபாய் 50 காசு. ஜூன் 25-லிருந்து ஜூலை 5 வரை பத்து நாளுக்குத்தான் அந்த 345. பழைய இருபதாயிரத்துக்கான வட்டி தனிக்கதை.

ரோஷம் வந்த மச்சான் ஜூலை 25 அன்று பில்லை முழுசாகக் கட்டினார். ஆகஸ்ட் பில்லில் ஃபிரிட்ஜுக்கு இன்னும் 690! பில் அடித்த நாளுக்கும் பணம் கட்டிய நாளுக்கும் நடுவே இருபது நாள் கடன் தூங்கவில்லை. ஜூலை 6-ஆம் தேதியே கட்டியிருந்தால் ஒரு நாள் வட்டியோடு போயிருக்கும். சலுகையை இழந்த மாதத்தில் கெடு நாள்வரை காத்திருப்பவர், தினமும் முப்பத்திநாலரை ரூபாய் கொடுத்துக் காத்திருக்கிறார்.

‘மினிமம் டியூ’ கட்டினாலும் இதே கதைதான். அது தாமதக் கட்டணத்தைத் தடுக்கும், வட்டியைத் தடுக்காது. பாக்கி இருக்கும்வரை கார்டைப் பீரோவில் வைத்துவிட்டு, புதுச் செலவைக் கையிலுள்ள காசில் செய்வதுதான் வழி.

ஃபிரிட்ஜுக்கு மொத்த வட்டி 1,035 ரூபாய், ஜிஎஸ்டி 186. 500 ரூபாய் நிறுத்திவைத்த மச்சானை பேங்க் மறக்கவேயில்லை.