சிலர் கேட்கக்கூடும்

செக்ரட்டரி சார் நோட்டீஸ் எழுத உட்கார்ந்தால், அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி யாரோ எதிரே உட்கார்ந்து குறுக்குக் கேள்வி போட்டுக்கொண்டே இருப்பார்கள் போல. தண்ணீர்த் தொட்டி கழுவுகிறோம், காலை பத்து முதல் பன்னிரண்டு வரை குழாயில் தண்ணீர் வராது என்று சொல்ல ஒரு வரி போதும். அதிலும் "ஞாயிற்றுக்கிழமை ஏன் கழுவவில்லை என்று சிலர் கேட்கக்கூடும்" என்று ஒரு பத்தி நுழைந்துவிடும். அப்படிப்பட்டவர் வீட்டுக்கு முக்கால் லட்சம், ஒரு லட்சம் என்று சிறப்பு வசூல் கேட்டு நோட்டீஸ் எழுதினால்? ஐந்து பக்கம். இணைப்புகள் தனி.

லிஃப்ட் பக்கத்துப் பலகையில் அத்தனை தாளுக்கும் இடமில்லை என்பதால் ஒன்றின் மேல் ஒன்றாகக் குத்தியிருப்பார். தொகை எங்கே என்று தேடுகிறவர்கள் குண்டூசியைப் பிடுங்கி நான்காம் பக்கத்துக்குப் போக வேண்டும். முதல் மூன்று பக்கமும் "சிலர்" வசம்.

இந்தச் சிலர் யார் யார் என்று கட்டடத்தில் வாட்ச்மேன் உட்பட எல்லோருக்கும் தெரியும். "மொட்டை மாடி ஒழுகினால் நான்காம் மாடிக்காரர்கள்தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும்." இது முதல் மாடிச் சிலர். "எங்களுக்குக் கார் இல்லை, கார் நிற்கும் இடத்துத் தூணுக்கு நாங்கள் ஏன் தர வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும்." இவர் ஸ்கூட்டர் வைத்திருக்கும் சிலர். அந்தத் தூண் கார்களைத் தாங்கவில்லை, அவருடைய வீட்டைத்தான் தாங்குகிறது என்று அடுத்த வரியில் அடக்கமாகப் பதில் சொல்லியிருக்கிறது. "குடியிருப்பவரிடமே வாங்கிக்கொள்ளுங்களேன் என்று சிலர் கேட்கக்கூடும்" என்பது டல்லாஸில் இருக்கும் சிலருக்கு. மாதச் செலவு வாடகைக்காரருடையது, கட்டடத்தின் எலும்புக்கு ஆகும் செலவு சொந்தக்காரருடையது என்று அதற்கும் விளக்கம். கேட்க நினைத்த கேள்வியை ஏற்கெனவே அச்சில் பார்த்துவிட்டவர்கள் பொதுக்குழுவில் வாயடைத்துப் போவார்கள் என்பது அவர் கணக்கு. யாரும் அடைத்துக்கொள்வதில்லை. நோட்டீஸில் எழுதியிருப்பதையே எழுந்து நின்று வாசித்து, "இதைத்தான் சார் நானும் கேக்கறேன்" என்கிறார்கள்.

விஷயம் என்னவோ நிஜம். திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கம் தொண்ணூறுகளில் எழுந்த குடியிருப்பு ஒன்றை வைத்துக்கொள்ளலாம்: கீழே கார், மேலே நாலு மாடி, மாடிக்கு ஆறு என்று 24 வீடு. கடல் காற்றின் உப்பு கான்கிரீட்டுக்குள் மெல்ல மெல்ல இறங்கி ஒரு நாள் கம்பியைத் தொட்டுவிடுகிறது. கம்பி துருப்பிடித்தால் சும்மா கரைந்து போவதில்லை. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கலில் கான்கிரீட் முதலில் தூணின் நீளவாக்கில் விரிசல் விடும், பிறகு மேல்தோல் பொருக்கோடு விழும். சார் சாவிக்கொத்தால் தூணைத் தட்டிக்கொண்டே நடப்பது இதற்காகத்தான். நல்ல கான்கிரீட் கணீரென்று பதில் சொல்லும். உள்ளே விட்டுப்போன இடம் 'டொப் டொப்' என்று பொய்யாக ஒலிக்கும்.

இந்த நோய்க்கு மேஸ்திரிகள் கைவசம் ஒரு சுலபமான மருந்து உண்டு. விழுந்த இடத்தில் சிமென்ட்டை அப்பி, மேலே சுண்ணாம்பு. இரண்டு மழைக்காலத்தில் அப்பியதும் சேர்ந்து விழும், ஏனென்றால் துரு உள்ளே வேலையை நிறுத்தவில்லை. முறையாகச் செய்தால், மேல் பாரத்துக்கு ஜாக்கி முட்டுக் கொடுத்துவிட்டு, இற்ற கான்கிரீட்டைக் கம்பியின் பின்புறம் விரல் போகும் வரை கொத்தி எடுக்க வேண்டும். துருவைச் சுரண்டி, ரொம்ப இளைத்துப்போன கம்பிக்குத் துணைக்கம்பி கட்டி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, அப்புறம்தான் புதுக் கலவை. ஆகும் செலவில் கணிசமான பங்கு முட்டுக்கும் சாரத்துக்கும் கொத்துக் கூலிக்கும் போகிறது. முடிந்தபின் இவற்றில் எதுவும் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் சாருடைய துக்கம்.

மூன்று கொட்டேஷன் வாங்கினார். தூண், சன்ஷேட் வேலைக்கு மட்டும் ஒருவர் ஆறு லட்சம், ஒருவர் ஒன்பது, ஒருவர் பதினாலு. "ஆறு இருக்கும்போது ஒன்பது எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும்." இங்கே மட்டும் சாருடைய வியாதிக்கு ஒரு பயன் உண்டு. மூன்றையும் ஒரே அட்டவணையில் போட்டுக் காட்டியிருந்தார். ஆறு லட்சக்காரர் தாளில் முட்டு இல்லை, சாரம் இல்லை, இடிபாடு அள்ளும் வண்டி இல்லை. கொத்திப் பார்த்தபின் அளவு கூடினால் "அப்புறம் பேசிக்கலாம்" என்று மட்டும் இருந்தது. ஒன்பது லட்சக்காரர் சதுர அடிக்கு இவ்வளவு, கிலோ கம்பிக்கு இவ்வளவு என்று விலை கட்டி, அளந்து பணம் வாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்டவர். உள்ளே எவ்வளவு இற்றிருக்கிறது என்று கொத்தும் வரை இன்ஜினீயருக்கே தெரியாது என்பதால் இந்த வித்தியாசம்தான் முக்கியம். இதை விளக்கும் பத்தியைக் கட்டடத்தில் இரண்டு பேராவது படித்திருப்பார்கள். "என் மச்சான் அஞ்சுக்கே முடிச்சுத் தருவான் சார்" என்று சொன்னவர் அந்த இருவரில் இல்லை.

இனி நான்காம் பக்கம். தூண், சன்ஷேட் 9 லட்சம். பழைய தட்டோட்டைப் பெயர்த்துவிட்டு மொட்டை மாடிக்கு நீர்த்தடுப்பு 7.15 லட்சம். (பழையதன் மேலேயே புதுசு ஒட்டினால் மலிவு, ஆனால் தேங்கிய ஈரம் நடுவில் சிறைப்பட்டுப் போகும், பாரமும் கூடும்.) கழிவுநீர்க் குழாய் மாற்ற 3.85 லட்சம். ஆக 20 லட்சம். எதிர்பாராததற்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 22. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியோடு 25.96 லட்சம். கார்பஸில் கிடந்த 4.36 லட்சத்தைத் துடைத்து எடுத்தபின் வசூலிக்க வேண்டியது 21.60 லட்சம். மொத்தப் பரப்பு 24,000 சதுர அடி. எனவே சதுர அடிக்கு 90 ரூபாய்.

850 அடி வீடு பன்னிரண்டு, 1150 அடி வீடு பன்னிரண்டு. சதுர அடிக் கணக்கில் சின்ன வீட்டுக்கு 76,500, பெரிய வீட்டுக்கு 1,03,500. சமமாகப் பிரித்தால் எல்லோருக்கும் 90,000. அதுவரை தூண் இற்றுப்போகவே இல்லை என்று வாதாடிய பெரிய வீட்டுக்காரர்கள், இந்த 13,500 ரூபாயைப் பார்த்ததும் தூணை ஏற்றுக்கொண்டு சமத்துவத்துக்குத் தாவிவிட்டார்கள். சின்ன வீட்டுக்காரர்கள் பத்திரத்தை எடுத்து வந்து பிரிக்கப்படாத மனைப் பங்கை விரலால் காட்டினார்கள். சார் பத்திரத்தின் பக்கம் நின்றார். அவர் வீடு 1150 அடி என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கட்டுவதற்கு மூன்று வழி கொடுத்திருந்தார். ஒரே தடவை ஒன்று. வேலைக்குத் தகுந்தபடி 40, 30, 30 சதவீதமாக மூன்று தவணை இன்னொன்று. ஓய்வூதியக்காரர்களுக்குப் பத்து மாதம், சின்ன வீட்டுக்கு மாதம் 7,650. நாள் தவறினால் மாதம் ஒரு சதவீத வட்டி. அந்த நாற்பது சதவீதத்துக்குக் காரணம் உண்டு. எல்லோரும் தவணைக்கே போனால் முதலில் வருவது 8.64 லட்சம், கார்பஸோடு சேர்த்தால் சரியாக 13 லட்சம். வேலையின் பாதியை அது தாங்கும். ஐப்பசி மழைக்கு முன்னால் மாடி மூடியாக வேண்டுமென்பதால் பாதியில் பணமில்லை என்று சாரத்தைப் பிரிக்க முடியாது. பத்து மாதக்காரர்கள் ஆறு பேரைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு பத்தி. தாண்டியது. காரோடு கார் கழுவ ஆளும் வைத்திருக்கும் ஒருவர் ஓய்வூதியக்காரர் வரிசையில் வந்து நின்றார்.

ஐந்து பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியைத்தான் சார் சிலர் வாயில் வைக்கவில்லை. இந்த நிலைமைக்கு ஏன் வந்தோம்? எட்டு வருஷமாக மெயின்டனன்ஸ் சதுர அடிக்கு இரண்டரை ரூபாய். ஒவ்வொரு ஆண்டுப் பொதுக்குழுவிலும் "ஒரு பைசா ஏத்தலை" என்று அவர் நிமிர்ந்து சொல்வார், எல்லோரும் கைதட்டுவார்கள். அடிக்கு ஒரே ஒரு ரூபாய் கூட்டி, ரிப்பேருக்கென்று தனியே வைப்பில் போட்டிருந்தால், 96 மாதத்தில் வட்டி இல்லாமலே 23.04 லட்சம். இப்போது கேட்கும் தொகையைவிட அதிகம். சின்ன வீட்டுக்கு அது மாதம் 850 ரூபாய், பெரிய வீட்டுக்கு 1,150. 24 வீட்டுக்கும் வலிக்காமல் முடிந்திருக்க வேண்டிய காரியம் இது. கைதட்டலுக்கு ஆசைப்பட்டு அதைக் கெடுத்தவர்தான், இன்று கணக்கில் ஒரு தசமப் புள்ளி தவறாத நோட்டீஸ் எழுதுகிறார். கைதட்டியவர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்றாலும், ரிஜிஸ்டர் அவர் அலமாரியில்தான் இருந்தது.

திட்டி முடித்தபின் ஒன்று சொல்ல வேண்டும். வேலை தொடங்கியதும் மற்ற கமிட்டி உறுப்பினர்கள் கல்யாணம், காசி என்று கிளம்பிவிட்டார்கள். காலை ஏழு மணிக்கு டேப்பும் நோட்டுமாகச் சாரத்தடியில் நின்றவர் இவர் ஒருவர்தான். பூச்சு போட்டு மூடுவதற்குமுன் ஒவ்வொரு கொத்தலையும் அளந்து படம் எடுத்துக்கொண்டார், ஏனென்றால் மூடியபின் மேஸ்திரி சொல்வதுதான் அளவு. மாடியில் தண்ணீர் கட்டி மூன்று நாள் நிறுத்தி, நான்காம் மாடிக் கூரைகளை வீடு வீடாகப் போய் அண்ணாந்து பார்த்தார். கான்ட்ராக்டர் பில்லில் ஐந்து சதவீதத்தை ஒரு வருஷம் பிடித்து வைத்தார்.

கடைசிக் கணக்கில் 86,400 ரூபாய் மிஞ்சியது. அடிக்கு 3 ரூபாய் 60 காசு. திருப்பித் தருவதா, காலியான கார்பஸில் போடுவதா என்று இரண்டு பக்க நோட்டீஸ் ஒட்டினார். திருப்பித் தரச் சொல்லி அன்று மாலையே முதலில் கதவைத் தட்டியவர் மூன்றாம் மாடிக்காரர். அவர் இன்னும் மூன்றாம் தவணை கட்டவில்லை. "அதுலயே கழிச்சுக்கோங்க சார்" என்றார்.