சிவப்பு மையில் ஒரு திருத்தம்

பாகலூரில் ரோஜாத் தோட்டம் ஒன்றுக்கு மாலை வேளையில் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். காலையில் பாலிஹவுஸில் அறுத்த பூவைத் தண்டின் நீளப்படி பிரித்து, இருபது பூவுக்கு ஒரு கட்டாகக் கட்டி, எந்தக் குடிலில் எத்தனை கட்டு என்று நோட்டில் கையால் எழுதி வைப்பார்கள். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. பத்தாவது படித்தவர் யாரும் செய்யலாம் என்றுதான் ஒப்புக்கொண்டேன்.

சூப்பர்வைசர் அண்ணன் முன்பு சிப்காட்டில் லேத் பட்டறையில் இருந்தவர். ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடுவார். ஜெர்மன்காரர்கள், பிரெஞ்சுக்காரர்கள் எழுதும் பாணி அது. அவர்கள் ஒன்றுக்குத் தலையில் நீளமாக ஒரு கொக்கி இழுப்பதால், ஏழோடு குழம்பாமலிருக்க ஏழை வெட்டி வைத்தார்கள். அண்ணனின் ஒன்றுக்கும் அந்தக் கொக்கி உண்டு. நான்கை மேலே மூடாமல், கவிழ்த்த நாற்காலி மாதிரி திறந்தே விடுவார். ஒரு வாரத்தில் எனக்குப் பிடிபட்டுவிட்டது. கோடு இருந்தால் ஏழு, இல்லாவிட்டால் ஒன்று. மேலே திறந்திருந்தால் நான்கு, மூடியிருந்தால் ஒன்பது. பெரிய கண்டுபிடிப்புபோல இதை வீட்டில்கூடச் சொன்னேன்.

ஒரு நாள் அறுபது சென்டிமீட்டர் பத்தியில் நான் ஏற்றியவை 12, 96, 118, 47, 91. கூட்டினால் 364. அண்ணன் அடியில் எழுதியிருந்ததோ 374. பத்து குறைகிறது.

கணக்குப் பிள்ளைகளுக்குத் தெரிந்த தந்திரங்கள் எனக்கும் கொஞ்சம் தெரியும். இலக்கத்தை இடம் மாற்றிப் போட்டிருந்தால் வித்தியாசம் ஒன்பதால் வகுபடும், பத்து வகுபடாது. ஏழை ஒன்றாகப் படித்தால் 6 அல்லது 60 குறையும். நான்கை ஒன்பதாகப் படித்தால் 5 அல்லது 50 கூடும். பத்து இரண்டிலும் சேரவில்லை. ஆகவே நான் படித்தது சரி, கூட்டியவர்தான் தவறிவிட்டார் என்று தீர்ப்பு சொல்லி, சிவப்பு மையால் 374-ஐ அடித்து 364 என்று எழுதினேன். கையெழுத்தும் போட்டேன்.

மறுநாள் அண்ணன் நோட்டைப் பார்த்துவிட்டு அமைதியாகச் சொன்னார்: "சார், நீங்க கூட்டினது சரிதான். படிச்சதுதான் சரியில்ல. முதல் ரெண்டு வரி நான் எழுதல, அந்தக் குடில் அக்கா எழுதினது."

அக்கா ஏழுக்குக் கோடு போடுவதில்லை. அவருடைய ஒன்று வெறும் நேர்க்கோடு. தலையில் சின்னக் கொக்கி இருந்தாலும் அது ஏழுதான். நான்கின் முனைகளை மேலே சேர்த்து மூடிவிடுவார், வேகத்தில் அது உருண்டு ஒன்பதாகிவிடும். நான் 12 என்றது 72. நான் 96 என்றது 46. ஒன்றில் 60 குறைந்து, மற்றொன்றில் 50 கூடி, மிச்சம் பத்து. இரண்டு தவறும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு நின்றதை, 'தவறே இல்லை' என்று நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அண்ணனின் கைக்குச் செய்த சூத்திரத்தை இன்னொருவர் கைக்குப் போட்டால் வேறென்ன ஆகும்?

இதைவிட வெட்கம், விடை அந்த நோட்டிலேயே இருந்தது. அண்ணன் விடுப்பில் இருந்த நாட்களில் பக்கம் முழுவதும் அக்கா கையால் நிரம்பியிருக்கும். ஓரத்தில் வரிசை எண் பத்தி. ஒன்றுமுதல் பத்துவரை, எந்த எண் எங்கே வரும் என்பதில் சந்தேகமே இல்லாமல், அவருடைய நான்கும் ஏழும் ஒன்பதும் மாதிரி காட்டி நிற்கின்றன. அந்தப் பத்தியை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. கம்ப்யூட்டர் தானே போட்டுக்கொள்ளும் என்று தாண்டிப்போவேன்.

இப்போது எந்த வரி யாருடையது என்று முதலில் மையையும் சாய்வையும் பார்க்கிறேன். மாலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் எப்போதாவது எழுதினால் கன்னட நான்கே வந்துவிடும். அது ரிப்பன் முடிச்சு மாதிரி இருக்கும், தலை மூடாத எட்டு என்று எண்ணத் தோன்றும். கழிவுப் பூ பத்திக்கு அடியில் மொத்தம் எழுதுவதில்லை; அங்கே சந்தேகம் வந்தால் பிடிக்க வழியே கிடையாது. ஊகித்துப் போடாமல் மஞ்சள் அடித்து வைத்துவிட்டு, காலையில் அக்காவையே கேட்கிறேன்.

மாதக் கடைசியில் முதலாளி அந்தப் பக்கத்தைத் திருப்பினார். அண்ணன் எழுதிய 374 அடிபட்ட கோட்டுக்குக் கீழும் தெளிவாகத் தெரிந்தது. என் சிவப்பு எண்ணைக் கண்ணருகே கொண்டுபோய், "இது என்னங்க, முந்நூத்து அறுபத்து நாலா, ஒம்போதா?" என்று கேட்டார்.