தபால்காரர் தேடும் சராசரி

மயிலாப்பூரின் பின்கோடு 600004, மதுரையின் பின்கோடு 625001. இரண்டுக்கும் சராசரி 612502.5. அந்த அரை ஊருக்கு எந்தத் தபால்காரர் போவார்? பின்கோடு எண் வேடம் போட்ட பெயர். எது அதிகம் வருகிறது என்று எண்ணலாம், அவ்வளவுதான்.

‘மிக மோசம்’ 1, ‘மிக நன்று’ 5 என்று கருத்துக் கேட்பதில் வரிசை மட்டுமே உண்டு. மூவர் 1, இருவர் 5 போட்டால் சராசரி 2.6. உடனே ‘சுமார்’ என்று அறிக்கை தயாராகிவிடும். சுமார் என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை! நடுவில் நிற்கும் இடைநிலை எண் 1. அதுதான் பெரும்பாலோர் முகம் சுளித்ததைச் சொல்கிறது.

செல்சியஸில் இடைவெளிகள் சமம், சராசரி எடுக்கலாம். ஆனால் 20 டிகிரியை விட 40 ‘இரு மடங்கு வெப்பம்’ அல்ல. அதுவே பாரன்ஹீட்டில் 68, 104. சுழியம் என்றால் ஒன்றுமில்லை என்று பொருள்படும் எடை போன்ற அளவுகளுக்குத்தான் மடங்குக் கணக்கு செல்லும்.

எதைக் கொடுத்தாலும் கணினி சராசரி போடும். போடலாமா என்று கேட்பது உங்கள் வேலை.