கல்லைப் பார்த்துச் சொல்லுங்க

எண்பதுகளில் அப்பாவின் அம்பாசிடர் ரேடியேட்டர் கொதித்து நிற்பதற்கென்றே ஓர் இடம் வைத்திருந்தது: அய்யம்பேட்டைக்கும் பாபநாசத்துக்கும் நடுவே, இரு பக்கமும் வயல். போன் இருக்கும் அரிசி மண்டிவரை நடக்க வேண்டும். தஞ்சாவூர் மெக்கானிக் நலமெல்லாம் விசாரிக்க மாட்டார். "என்ன கல்லு அய்யா?" என்பார். "தஞ்சாவூர் 19" என்றால் போதாது. மன்னார்குடி சாலையிலும் பட்டுக்கோட்டை சாலையிலும் புதுக்கோட்டை சாலையிலும் அதே 19 நிற்கிறதே. "முதுகுல என்ன போட்டிருக்கு?" முதுகில் கும்பகோணம் 21. இரண்டு முகத்தையும் சொல்லிவிட்டால் சாலையும் தெரிந்துவிடும், இடமும் தெரிந்துவிடும். முக்கால் மணியில் ஆள் வந்துவிடுவார். அறுவடைக் காலத்தில் மட்டும் வைக்கோலை விலக்கிக் கல்லைத் தேட வேண்டும்.

இன்று நடக்கவே வேண்டாம்; போன் சட்டைப்பையிலேயே இருக்கிறது. விக்கிரவாண்டி - தஞ்சாவூர் நான்குவழிச் சாலையில், கும்பகோணம் நோக்கிப் போகையில் தம்பி மகனின் கார் நின்றது. லொகேஷன் அனுப்பினான். நீலப்புள்ளி வாய்க்காலைத் தாண்டி, பக்கத்துக் கிராமச் சாலையில் போய் உட்கார்ந்துகொண்டது. மீட்பு வண்டிக்காரர் அந்தக் கிராமத்துக்கே போய், களத்தில் நெல் காயவைத்தவர்களிடம் எங்கள் காரை விசாரித்திருக்கிறார்.

"கல்லைப் பாருடா" என்றேன். தாண்டி வந்த பெரிய கல் 148, பக்கத்தில் இருந்த சின்னக் கல் 4. "148.4" என்று சொல்லத் தயாரானான். இந்தச் சின்னக் கற்கள் 200 மீட்டருக்கு ஒன்று: 2, 4, 6, 8. விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சை நோக்கித்தான் ஏறும். அவனோ எதிர்த்திசையில் போகிறவன். 148-ஐத் தாண்டியதும் 8, 6, 4 என்று இறங்குவரிசையில்தான் பார்த்திருப்பான். அந்த 4, இன்னும் அவன் எட்டாத 147-க்குச் சொந்தம். ஆக 147.4, அவன் சொல்லவிருந்ததில் சரியாக ஒரு கிலோமீட்டர் பிசகு. அதோடு "கும்பகோணம் போற பக்கம்" என்றும் சேர்க்க வேண்டும். நடுவே தடுப்புச் சுவர். எதிர்ப்பக்கம் வந்துவிட்டால் வண்டிக்காரர் கை மட்டும்தான் ஆட்ட முடியும்.

சாலை எண்ணிலும் ஒரு விளையாட்டு உண்டு. 2010-இல் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புது எண் கொடுத்ததில் இங்கே 45சி, 36 ஆனது; நாகப்பட்டினம் போகும் 67, 83 ஆனது. எங்கள் வயதுக்காரர்கள் வாயில் இன்னும் பழைய எண்தான் வருகிறது. கல்லின் தலை மஞ்சளா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மஞ்சள் தேசிய நெடுஞ்சாலை, 1033-ஐ அழைக்கலாம். பச்சை என்றால் மாநிலச் சாலை, அந்த எண் அதற்கானதல்ல. ஆயுதபூஜைக்குச் சாலைப் பணியாளர்கள் இந்தக் கல்லுக்குச் சந்தனம் பூசி மாலை போடுவதுண்டு. காரில் போகிற நாம்தான் அதை ஏறிட்டும் பார்ப்பதில்லை.

எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிவைத்துக்கொண்டு தம்பி மகன் ஒப்பித்தான்: சாலை 36, 147.4, கும்பகோணம் பக்கம். மறுமுனையில் சற்று யோசனை. "அதெல்லாம் சரி தம்பி, பக்கத்துல டீக்கடை ஏதாச்சும் இருக்கா?"